பழைய அவுட்லுக் கேட்கும் பதினாறு எழுத்து

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். அவருடைய அலுவலகக் கணினியில் இன்றும் அவுட்லுக் 2010தான் ஓடுகிறது. ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆண்டுவாரியாக இன்னும் ஃபோல்டர்கள் என்று பத்துப் பன்னிரண்டு வருடக் கடிதங்களை அதில் அடுக்கி வைத்திருக்கிறார். மெயில் முகவரி ஜிமெயிலுடையது. கடிதங்கள் வந்து சேர்வதோ அந்தக் கணினிக்கு. இணையம் இல்லாத நாளிலும் 2014ஆம் ஆண்டுக் கடிதத்தை அரை நிமிடத்தில் எடுத்துவிடுவார். அதனால்தான் “பிரவுசரிலேயே பார்த்துக்கொள்ளுங்களேன்” என்று யார் சொன்னாலும் அவர் காதில் ஏறாது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

போன வருடம் ஒரு காலை அவரிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, மூணு நாளா மெயில் வரலை. பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கு. போடறேன், மறுபடியும் கேக்குது.”

“சரியான பாஸ்வேர்டுதானா சார்?”

“அதே பாஸ்வேர்டை போன்ல போட்டா உடனே திறக்குதுப்பா. இங்க மட்டும்தான் மாட்டேங்குது. மாத்திப் பார்ப்போம்னு மூணு தடவை மாத்திட்டேன். அப்பவும் அப்படியேதான் இருக்கு.”

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. இதே நிலையில் சிக்கும் பலரும் முதலில் செய்வது பாஸ்வேர்டை மாற்றுவதுதான். பாஸ்வேர்டு ஏற்கப்படவில்லை என்றால் பாஸ்வேர்டில்தான் கோளாறு என்று நினைப்பது இயல்பு. ஆனால் இங்கே பாஸ்வேர்டு சரியாகவே இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் முறையைத்தான் ஜிமெயில் இப்போது ஏற்பதில்லை.

போனில் ஜிமெயிலைத் திறக்கும்போது கூகுளின் சொந்தப் பக்கம் ஒன்று வருகிறது. அதில் பாஸ்வேர்டைப் போட்டதும் அது இன்னொரு கேள்வியும் கேட்க முடியும்: “இது நீங்கள்தானா? உங்கள் போனில் ‘ஆம்’ என்று தட்டுங்கள்.” இரண்டும் சரியாக இருந்தால் உள்ளே விடுகிறது. இதற்கு ஒத்துழைக்கத் தெரிந்த புதிய மெயில் நிரல்களுக்கு உங்கள் பாஸ்வேர்டு என்னவென்றே தெரியாது. கூகுள் தரும் ஒரு அனுமதிச் சீட்டை மட்டும் அவை வைத்துக்கொள்கின்றன.

அவுட்லுக் 2010க்கு இதெல்லாம் தெரியாது. அதன் காலத்து முறை மிக எளிமையானது. முகவரியையும் பாஸ்வேர்டையும் கணினியிலேயே சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை மெயில் எடுக்கும்போதும் இரண்டையும் அப்படியே நீட்டும். எதிர்த் தரப்பு இரண்டாவது கேள்வி கேட்க நினைத்தாலும் அதைக் காட்ட அதனிடம் திரை இல்லை. வெறும் பாஸ்வேர்டை மட்டும் நீட்டும் இந்த வழியைத் தனிநபர் கணக்குகளுக்கு மூடுவதாக கூகுள் அறிவித்த நாள் 2022 மே 30. அதுவரை அமைப்புகளில் ஒரு பொத்தானைத் தட்டி, பழைய நிரல்களை அனுமதிக்கலாம். பிறகு அந்தப் பொத்தானே இல்லாமல் போனது.

பழைய நிரல்களுக்காக கூகுள் திறந்தே வைத்திருக்கும் பக்கவாசல்தான் ஆப் பாஸ்வேர்டு. கூகுளே உருவாக்கித் தரும் பதினாறு எழுத்து அது. உங்கள் உண்மையான பாஸ்வேர்டுக்குப் பதிலாக அந்தப் பதினாறு எழுத்தை அவுட்லுக்கிடம் கொடுத்துவிட்டால் போதும், பழைய முறையிலேயே அது வேலை செய்யும். பிரவுசரில் கணக்கைத் திறக்க இந்த எழுத்துகள் உதவாது. வேண்டாதபோது அந்த ஒன்றை மட்டும் அழிக்கலாம். உங்கள் உண்மையான பாஸ்வேர்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

“அப்ப இத்தனை வருஷம் எப்படிப்பா ஓடுச்சு? நான் எந்தப் பதினாறு எழுத்தும் போடலையே” என்று கேட்டார் ஆடிட்டர். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. சில வருடங்களுக்கு முன் கணினி பழுது பார்க்க வந்த பையன் ஒருவன் ஆப் பாஸ்வேர்டு உருவாக்கி அவுட்லுக்கில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இவரிடம் சொல்லவில்லை, அல்லது சொன்னது இவர் மனதில் தங்கவில்லை. அது ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள், பாஸ்வேர்டை மாற்றுவது நல்லது என்று எங்கோ படித்துவிட்டு ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினார். மெயில் நின்றது அன்றுதான்.

கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால், அதுவரை உருவாக்கிய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். பாதுகாப்புக்காக வைத்த விதி இது. ஒருவேளை கணக்கு களவு போயிருந்தால், திருடன் உருவாக்கிக்கொண்ட ஆப் பாஸ்வேர்டும் சேர்ந்து ஒழிய வேண்டும் அல்லவா? விதி நல்லதுதான். ஆனால் தெரியாதவருக்கு அது பொறியாகிவிடுகிறது. மெயில் நின்றது என்று பாஸ்வேர்டை மாற்றுகிறார், யாரோ ஆப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுக்கிறார், மறுபடி சந்தேகம் வந்து பாஸ்வேர்டை மாற்றுகிறார், மறுபடி நிற்கிறது.

ஆகவே கோளாறு எது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அவுட்லுக் 2010இல் Send/Receive பகுதியில் Show Progress என்பதைத் திறந்து Errors என்ற தாளைப் பார்த்தால், எதிர்த் தரப்பு சொன்ன பதில் அங்கே இருக்கும். ஆடிட்டரின் கணினியில் இருந்தது இது:

```
-ERR [AUTH] Application-specific password required
```

இப்படி வந்தால் குழப்பமே இல்லை. நீங்கள் கொடுத்தது கணக்கின் பாஸ்வேர்டு, கூகுள் எதிர்பார்ப்பது ஆப் பாஸ்வேர்டு. இதற்குப் பதிலாக `Username and password not accepted` என்று இருந்தால் மூன்றில் ஒன்று: எழுத்து தவறு, ஆப் பாஸ்வேர்டு ரத்தாகிவிட்டது, அல்லது இரண்டு படிச் சரிபார்ப்பு இல்லாத கணக்கில் வெறும் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறீர்கள். பாஸ்வேர்டைப் பற்றிய பேச்சே இல்லாமல், சர்வருடன் தொடர்பு கிடைக்கவில்லை அல்லது பாதுகாப்பான இணைப்பு அமையவில்லை என்று சொன்னால், ஆப் பாஸ்வேர்டு அதற்கு மருந்தாகாது. இணையத்தையும் சர்வர் பெயரையும் எண்களையும், மிகப் பழைய விண்டோஸாக இருந்தால் அதன் அப்டேட்களையும்தான் பார்க்க வேண்டும்.

அன்று மாலை அலுவலகத்துக்கே போனேன். முதல் வேலையாக, “இனிமே ஜிமெயில் பாஸ்வேர்டை மாத்தாதீங்க சார், இன்னிக்கு ஒரு நாளைக்காவது” என்று கேட்டுக்கொண்டேன். பிறகு பிரவுசரில் அவருடைய கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் 2-Step Verification இயங்குகிறதா என்று பார்த்தோம். இயங்கியது. இந்த இரண்டு படிச் சரிபார்ப்பு இல்லாத கணக்குக்கு ஆப் பாஸ்வேர்டு கிடையாது. இல்லாதவர்கள் முதலில் தங்கள் போனைக் கொண்டு அதை அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஆப் பாஸ்வேர்டு உருவாக்கும் பக்கத்தை அமைப்புகளுக்குள் தேடி அலைவதைவிட முகவரிப் பட்டியில் நேரடியாகத் தட்டுவது எளிது:

```
myaccount.google.com/apppasswords
```

கணக்கின் பாஸ்வேர்டை மறுபடி ஒருமுறை கேட்கும். பிறகு இந்த ஆப் பாஸ்வேர்டுக்கு ஒரு பெயர் கேட்கும். என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் “test” என்றோ “mail” என்றோ வைக்காதீர்கள். எந்தக் கணினி, எந்த நிரல் என்று பின்னால் தெரிய வேண்டும். நாங்கள் `Office Outlook` என்று வைத்தோம். Create என்பதைத் தட்டியதும் நான்கு நான்காகப் பிரித்த பதினாறு சிறிய ஆங்கில எழுத்துகள் வந்தன. இந்தத் திரையை மூடினால் அந்த எழுத்துகளை மறுபடி பார்க்க வழியில்லை. தொலைந்தால் பாதகமும் இல்லை. அதை அழித்துவிட்டு இன்னொன்று உருவாக்கிக்கொள்ளலாம்.

சிலருக்கு இந்தப் பக்கமே திறக்காது. இந்த வசதி உங்கள் கணக்குக்கு இல்லை என்று சொல்லும். பெரும்பாலும் இரண்டு படிச் சரிபார்ப்பு இயங்காததுதான் காரணம். அது இயங்கியும் வரவில்லை என்றால், அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணக்காக இருக்கலாம். அங்கே நிர்வாகியைத்தான் கேட்க வேண்டும். சரிபார்ப்புக்குப் பாதுகாப்புச் சாவிகளை மட்டுமே வைத்திருப்பவர்களுக்கும், Advanced Protection என்ற கூடுதல் காவலில் சேர்ந்தவர்களுக்கும் இந்த வசதி கிடையாது.

இனி எழுத்துகளை அவுட்லுக்கில் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் பலரைத் தடுக்கி விழ வைக்கிறது. திரையில் தெரியும் நான்கு கூறுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பாஸ்வேர்டைச் சேர்ந்ததில்லை, கண்ணுக்கு எளிதாக இருப்பதற்காகப் போட்டது. அப்படியே காப்பி எடுத்து ஒட்டினால், சாதாரண ஸ்பேஸ் போலவே தோன்றும் வேறொரு குறியீடும் சில சமயம் கூடவே வந்துவிடும். பாஸ்வேர்டுப் பெட்டியில் எல்லாம் வெறும் புள்ளிகளாகத் தெரிவதால் இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் முதலில் நோட்பேடில் ஒட்டி, இடைவெளிகளை நீக்கி, பதினாறு எழுத்து இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, அங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள். முடிந்ததும் நோட்பேடைச் சேமிக்காமல் மூடுங்கள். ஆடிட்டர் விரல் வைத்து எண்ணினார். பதினாறு சரியாக இருந்தது.

அவுட்லுக்கில் File, அதற்குள் Account Settings. முகவரியின் மீது இருமுறை தட்டினால் பழைய பெட்டி திறக்கும். பெயருக்கான இடத்தில் முழு மெயில் முகவரி இருக்க வேண்டும். பாஸ்வேர்டு இடத்தில் இருப்பதை முழுதாக அழித்துவிட்டுப் புதிய பதினாறு எழுத்தை ஒட்டி, Remember password என்பதில் டிக் வைத்தோம். அதற்குக் கீழே Secure Password Authentication என்ற ஒரு கட்டம் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பாதுகாப்பு கூடும் என்று நினைத்துப் பலரும் அதில் டிக் வைத்துவிடுகிறார்கள். அது வேறொரு முறை, ஜிமெயிலுக்கு ஒத்துவராது. அந்த டிக் இருந்தால் எவ்வளவு சரியான பாஸ்வேர்டும் நிராகரிக்கப்படலாம். அதை எடுத்துவிட வேண்டும்.

ஆடிட்டரின் அவுட்லுக் மெயிலை எடுத்து வருவது பிஓபி முறையில். அதனால் More Settings என்பதற்குள் இருக்கும் Advanced தாளில், வரும் மெயிலுக்கு `pop.gmail.com` 995, போகும் மெயிலுக்கு `smtp.gmail.com` 465, இரண்டுக்கும் SSL என்று இருப்பதைச் சரிபார்த்தோம். ஐமேப் முறையில் வைத்திருப்பவர்களுக்கு வரும் மெயில் `imap.gmail.com` 993. பிஓபி முறையைப் பயன்படுத்துவோர் ஜிமெயிலின் அமைப்புகளில் Forwarding and POP/IMAP என்ற இடத்தில் பிஓபி இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

Test Account Settings என்ற பொத்தானைத் தட்டினோம். வரும் மெயிலுக்கு Completed என்று பச்சை டிக் வந்தது. ஆடிட்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த வரியில், சோதனைக் கடிதம் அனுப்பும் இடத்தில், Failed.

“என்னப்பா, பாதிக்கதவுதான் திறக்குதா?”

அவர் சொன்னது கிட்டத்தட்ட அதேதான். மெயில் நிரலுக்கு வருவது ஒரு வாசல், அனுப்புவது இன்னொரு வாசல். இரண்டுக்கும் தனித்தனி சர்வர், தனித்தனியாகப் பாஸ்வேர்டு சேமிக்கவும் இடம் இருக்கிறது. More Settings இல் Outgoing Server என்ற தாளைத் திறந்தபோது, அங்கே Log on using என்பதற்குக் கீழே ஒரு பழைய பாஸ்வேர்டு தனியாக உட்கார்ந்திருந்தது. அதை விட்டுவிட்டு, Use same settings as my incoming mail server என்பதைத் தேர்ந்தெடுத்தோம். மறுபடி சோதித்தபோது இரண்டு வரியிலும் பச்சை. மூன்று நாள் தேங்கிய மெயில் வந்து இறங்கத் தொடங்கியது.

இத்தனை செய்தும் பெட்டி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் Credential Manager என்ற இடத்தைப் பாருங்கள். பழைய பாஸ்வேர்டு அங்கே தங்கியிருக்கக்கூடும். அந்த மெயில் கணக்குக்கு உரிய வரியை மட்டும் நீக்கிவிட்டு அவுட்லுக்கை மூடித் திறந்தால் புதிதாகக் கேட்கும்.

அலுவலகத்தில் ஒரு ஸ்கேனர் எந்திரமும் உண்டு. ஆவணத்தை ஸ்கேன் செய்து நேரடியாக மெயிலில் அனுப்பும். அதுவும் மூன்று நாளாக மௌனம். “அதே பதினாறு எழுத்தை இதுலயும் போட்டுடலாமே” என்றார் ஆடிட்டர். போட்டால் வேலை செய்யும். ஆனாலும் தனியாக இன்னொன்று உருவாக்கி `Scanner` என்று பெயர் வைத்தோம். நாளை எந்திரத்தைக் கைமாற்றினாலோ, ரிப்பேருக்குக் கொடுத்தாலோ அந்த ஒரு வரியை மட்டும் அழித்தால் போதும். அவுட்லுக் தடையில்லாமல் ஓடும். ஒரே எழுத்துகளை எல்லா இடத்திலும் போட்டுவிட்டால் இந்த வசதியே போய்விடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆப் பாஸ்வேர்டு இரண்டாவது கேள்வியைத் தாண்டிச் செல்லும் வழி. அந்தப் பதினாறு எழுத்து யார் கையில் கிடைத்தாலும், உங்கள் போனில் எந்த ஒப்புதலும் கேட்காமல் மெயில் முழுவதையும் படிக்கலாம், அழிக்கலாம், உங்கள் பெயரில் அனுப்பலாம். அதை டைரியில் எழுதி வைக்கத் தேவையே இல்லை. வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது. “உங்கள் கணக்கைச் சரிசெய்கிறோம், அந்தப் பக்கத்தில் வரும் பதினாறு எழுத்தைப் படித்துச் சொல்லுங்கள்” என்று போனில் யார் கேட்டாலும் அது மோசடிதான். பழைய கணினியை விற்கும்போது அதற்கான ஆப் பாஸ்வேர்டை அழித்துவிட்டுத்தான் விற்க வேண்டும். அவுட்லுக் அதைச் சேமித்து வைத்திருக்கும்.

எல்லா மெயில் சேவைக்கும் இதே மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். யாகூவிலும் ஆப்பிளின் ஐகிளவுட் மெயிலிலும் ஆப் பாஸ்வேர்டு உண்டு, உருவாக்கும் பக்கம்தான் வேறு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவின் மெயிலிலும் இரண்டு படிச் சரிபார்ப்பு வைத்திருப்போருக்கு இந்த வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் கதை வேறு. அங்கே பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. அவுட்லுக் என்பது கணினியில் ஓடும் நிரலின் பெயர், `outlook.com` என்பது மெயில் சேவையின் பெயர். ஆடிட்டரிடம் இருப்பது அவுட்லுக் நிரல், ஜிமெயில் முகவரி. அதனால் அவருக்கு வழி கிடைத்தது. `outlook.com`, `hotmail.com`, `live.com` முகவரி வைத்திருப்பவர்களுக்கு 2024 செப்டம்பர் 16 முதல், பாஸ்வேர்டை மட்டும் நீட்டும் பழைய முறையையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆப் பாஸ்வேர்டும் அதே முறையில் போவதுதான் என்பதால் அங்கே எடுபடாது. அவர்கள் நிரலைத்தான் மாற்ற வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டின் இப்போதைய பதிப்பு கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் புதிய உள்நுழைவு முறையையும் அறிந்தது. அதில் உங்கள் பாஸ்வேர்டை நிரலிடம் கொடுக்க வேண்டியதே இல்லை.

என்னைக் கேட்டால், ஜிமெயில் வைத்திருப்பவர்களும் மாற முடிந்தால் அப்படி மாறுவதே மேல். அவுட்லுக் 2010க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை 2020 அக்டோபர் 13உடன் நிறுத்திவிட்டது. ஆப் பாஸ்வேர்டு அதை ஓட வைக்கும், பத்திரமாக்காது. ஆடிட்டரிடமும் இதைச் சொன்னேன். கணக்கு முடிக்கும் காலம் போகட்டும், பழைய ஃபோல்டர்களை எல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு பிறகு மாறுகிறேன் என்றார். அதுவரைக்கும் பதினாறு எழுத்து துணை இருக்கும்.

கிளம்பும்போது அவர் கணினியின் ஓரத்தில் ஒரு சிறு சீட்டை ஒட்டிவிட்டு வந்தேன். அதில் பாஸ்வேர்டு எதுவும் இல்லை. “ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினால் அன்றே அவுட்லுக், ஸ்கேனர் இரண்டுக்கும் புது ஆப் பாஸ்வேர்டு” என்ற ஒரு வரி மட்டும். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ பழைய மெயில் நிரல் ஓடிக்கொண்டிருந்தால், அதன் அருகிலும் அந்த வரியை எழுதி ஒட்டிவிடுங்கள்.